முகத்தாட்சண்யம்

அந்த 14 வீடியோக்களில் ஒன்பதுக்கு வசனம் எழுதியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மீதியைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்காது.

அத்தை மகள், எனக்கு மதினி முறை. பாளையங்கோட்டையில் தன் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்களைப் போட்டுத் துணி நாப்கின் தைத்து விற்கிறார். மேலே பருத்தி, நடுவில் நான்கு மடிப்பு ஃபிளானல், அடியில் ஈரம் கசியாத பியுஎல் துணி, இரண்டு பக்கமும் சிறகு, சிறகில் பிரஸ் பட்டன். ஒரு பையில் நான்கு இருக்கும், 700 ரூபாய். நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்தால் சில வருடங்கள் உழைக்கும். தையல் சுத்தமாக இருக்கும். ஆனால் சரக்கு நகரவில்லை. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத்தான் துணி எடுத்திருந்தார்.

இட்லிப்பொடி விற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டுப் பந்தியில் பரிமாறினால் போதும், நாலு பேர் கேட்பார்கள். மாதவிலக்குத் துணியை யாரும் பந்தியில் பரிமாறுவதில்லை. வாங்கியவள் வாங்கியதாகவே வெளியில் சொல்ல மாட்டாள். அடுத்தவளுக்கோ 700 ரூபாய் கொடுக்கும் முன்னால், தன்னைப்போல் ஒருத்தி இதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாளா, நிறைந்த நாளில் தாங்கியதா, துவைக்கும்போது அருவருப்பாக இருந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாய்ச்சொல்லால் பரவ முடியாத பொருள். அதனால்தான் பயன்படுத்திய பெண்கள் பேசும் வீடியோ தேவைப்பட்டது. மதினி என்னிடம் வந்தார். "நீ தமிழ் படிச்சவ. ரெண்டு வரி எழுதிக் கொடுட்டி" என்றார்.

நான் இரண்டு வரியில் நிற்கவில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு வசனம் எழுதினேன். ஒன்றில் பூவிதழ் போன்ற மென்மை வந்தது. ஒன்றில் இயற்கையன்னை வந்தாள். நல்ல வீடியோ அனுப்பினால் ஒரு நாப்கின் இலவசம் என்று மதினி அறிவித்தார். மகளிர் குழுத் தலைவி ஐந்து பேரைப் பிடித்துக் கொடுத்தார். மீதி ஒன்பது பேர் என் வகுப்பு மாணவிகள். மதினியிடமிருந்து ஆளுக்கு ஒரு பையை இலவசமாக வாங்கிக் கொடுத்து, மூன்று வாரத்தில் வீடியோ கேட்டேன். ஒன்பது பேரும் கொடுத்தார்கள். ஒருத்திகூட முடியாது என்று சொல்லவில்லை. அது அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

வீடியோக்களைப் போட்ட பிறகும் விற்பனை அசையவில்லை. மதினியின் பழைய பள்ளித்தோழி ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். "எல்லாப் பிள்ளையளும் ஒரே பாட்டைப் பாடுதுவ. நாடகம் பாத்த மாதிரி இருக்கு." அவர் சொன்னது சரி. 14 பேரும் கசிவே இல்லை என்றார்கள். 14 பேரும் புன்னகைத்து முடித்தார்கள். அவர்களுடைய கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குச் சற்று மேலே, யாரோ பிடித்துக்கொண்டிருந்த தாளைப் பார்த்தன.

செமஸ்டர் தேர்வு முடிந்து மதிப்பெண் எல்லாம் போட்டு அனுப்பியபின் ஒரு மாணவி நூலக வராந்தாவில் என்னிடம் வந்தாள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. "மேம், ஒண்ணு சொன்னா கோபப்பட மாட்டீங்களே?" என்று ஆரம்பித்தாள். முதல் நாளே வகுப்பில் கசிந்துவிட்டது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போனாள். மூன்றாம் நாள் தொடையில் சிவந்து தடித்தது. அதோடு அந்தப் பையைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"அப்புறம் ஏன்மா வீடியோவில அப்படிச் சொன்ன?"

"நீங்க கேட்டீங்களே மேம்."

உள்மதிப்பீட்டு மதிப்பெண் 25ம் என் கையில் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நான் பாடம் நடத்துகிறவள் என்பதே போதும். குழுத் தலைவி பிடித்துக் கொடுத்த ஐந்து பேரின் கதையும் பிறகு விளங்கியது. அவர்களில் மூன்று பேருக்கு அந்த மாதம் குழுக் கடன் வர வேண்டியிருந்தது. கேட்டவருக்கு முன்னால் இல்லை என்று சொல்லும் நிலையில் அந்த 14 பேரில் ஒருத்தியும் இருக்கவில்லை.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது, முகத்தாட்சண்யம். எதிரே இருப்பவரின் முகம் கோணாமல் இருக்க நம் வாயைக் கோணிக்கொள்வது. பெண்களுக்கு இது சின்ன வயதிலேயே பழகிவிடுகிறது. மாமியார் வைத்த குழம்பு, நாத்தனார் எடுத்துக் கொடுத்த சேலை, தலைப்பிரசவத்துக்கு வந்து பார்த்தவர்கள் சொன்ன புத்திமதி எல்லாம் நல்லாருக்கு. நானே மேடையில் எத்தனை கவிதைகளுக்கு நல்லாருக்கு சொல்லியிருக்கிறேன். வியாபாரத்துக்கு மதிப்புரை கேட்கும்போது நாம் அந்தப் பழக்கத்தின் மீதுதான் போய்ச் சாய்கிறோம். ஒரு பெண்ணிடம் புகழ்ச்சியை வாங்குவது சுலபம். அவளுக்கு என்ன நடந்தது என்பதை வாங்குவதுதான் கஷ்டம்.

அந்த மாணவிக்கு நடந்தவை இரண்டும் சரிசெய்யக்கூடியவை என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. மதினியிடம் சொன்னதும் ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். புதுப் பருத்தித் துணியில் ஆலையில் ஏற்றிய கஞ்சியும் மெழுகும் கொஞ்சம் இருக்கும். இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் ஈரத்தை நன்றாக இழுக்கும். அவள் பையைப் பிரித்த கையோடு கட்டிக்கொண்டாள். தடித்ததற்குக் காரணம் விடுதிக் கொடி. வெளியில் தெரியக் கூடாதென்று நைட்டிக்கு அடியில் போட்டு உலர்த்தியிருக்கிறாள். உள்மடிப்பு ஈரமாகவே இருந்திருக்கிறது. அதையே மறுநாள் கட்டியிருக்கிறாள். பையில் வைக்கும் துண்டுத்தாளில் 'பயன்படுத்துமுன் மூன்று முறை அலசவும், திறந்த வெயிலில் காயவைக்கவும்' என்ற இரண்டு வரி இல்லை. எங்கள் 14 வீடியோக்களும் அந்த இரண்டு வரியை எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தன.

அன்று ராத்திரி எல்லா வீடியோக்களையும் எடுத்துவிட்டோம்.

முனைவர் பட்டத்துக்காக நான் ஒப்பாரி சேகரித்தவள். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த முதல் மாதத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "புருஷன் போன துக்கத்தைத்தானே ஆச்சி பாடுவீங்க?" என்று கேட்பேன். "ஆமா தாயி" என்பார்கள். அவ்வளவுதான், நாடா ஓடிக்கொண்டிருக்கும். என் நெறியாளர் அந்த நாடாவைக் கேட்டுவிட்டு, ஒப்பாரியையெல்லாம் நீயே பாடிவிட்டாய், அவர்களுக்கு ஆமா போடும் வேலைதான் மிச்சம் என்றார். பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கொண்டுபோகாதே என்று சொல்லி அனுப்பினார். அடுத்த முறை, "கடைசியா எப்ப பாடினீங்க? அன்னைக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டேன். துக்கத்தோடு சொத்து வந்தது, அண்ணன் தம்பி செய்த மோசம் வந்தது, வராத சீர் வந்தது. பட்டம் வாங்கியதே அந்தக் கேள்வியால்தான். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. விற்பனை என்றதும் அது வேறு உலகம், அங்கே வேறு நியாயம் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

இரண்டாவது தடவை மெதுவாக ஆரம்பித்தோம். முதல் மாற்றம், எப்போது கேட்பது என்பதில். பார்சல் கைக்குக் கிடைத்த சந்தோஷத்தில் கேட்டால் பையின் பூப்போட்ட துணியைப் பற்றித்தான் சொல்வார்கள். இந்தப் பொருளைப் பற்றி ஒரு பெண்ணுக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு மாதவிலக்கு கழிந்திருக்க வேண்டும். முதல் மாதம் பழகுவதில் போய்விடும். எனவே வாங்கி 70 நாள் ஆனவர்களின் பெயர்களை நோட்டிலிருந்து எடுத்தார் மதினி. 40 பேர்.

அந்த 40 பேருக்கும் முதலில் ஒரே செய்தி போனது. 'எப்படி இருக்கிறது? சரியில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், சரிசெய்ய முடிந்தால் செய்கிறேன்.' வீடியோ என்ற பேச்சே அதில் இல்லை. இது முக்கியம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். திருப்தியானவர்களிடம் மட்டும்தான் வீடியோ கேட்கப்போகிறோம் என்றாலும், யார் திருப்தியானவர் என்பதை நாமே முடிவுசெய்துகொண்டு போகக் கூடாது. ஒன்பது பேர் குறை சொன்னார்கள். ஒருவருக்குப் பட்டன் பிய்ந்திருந்தது. ஒருவருக்கு அளவு நீளம். இரண்டு பேருக்கு அதே முதல் நாள் கசிவு. மதினி ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார், மாற்றிக் கொடுத்தார். இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தார்.

மற்ற 31 பேருக்குத்தான் இரண்டாவது செய்தி. அதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் சொற்களை எடுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது இது:

'வாங்க யோசிக்கும் பெண்களுக்காக, நீங்கள் பேசும் ஒரு நிமிட வீடியோ கிடைத்தால் உதவியாக இருக்கும். இதற்கு முன் என்ன பயன்படுத்தினீர்கள்? மாற்றிய முதல் மாதம் என்ன நடந்தது? இதை வாங்கப்போகும் ஒரு பெண்ணிடம் எதை முன்கூட்டியே சொல்லி வைப்பீர்கள்? உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். முகம் காட்ட வேண்டியதில்லை. பெயர் வேண்டாம். எங்கள் யூடியூப் பக்கத்தில் மட்டும் போடுவோம். எப்போது எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவோம். முடியாவிட்டால் பதில்கூட அனுப்ப வேண்டாம், மறுபடி கேட்க மாட்டோம்.'

இதில் மூன்றாவது கேள்விக்காக மதினியோடு ஒரு சண்டையே போட்டேன். "என் கடைச் சரக்குக்கு நானே குறை சொல்லச் சொல்லணுமாக்கும்?" என்றார். குறை கேட்கவில்லை மதினி, எதை முன்கூட்டிச் சொல்வீங்கன்னுதானே கேட்கிறோம் என்றேன். 'எதற்காக இதைப் பரிந்துரைக்கிறீர்கள்' என்று கேட்டால் அதில் பரிந்துரை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 'எதை முன்கூட்டியே சொல்வீர்கள்' என்றால் பேசுகிறவளின் கவனம் எங்களை விட்டு, தனக்குப் பின்னால் வரப்போகும் இன்னொரு பெண்ணின் மீது திரும்புகிறது. அவளுக்கு முன்னால் முகத்தாட்சண்யம் தேவையில்லை.

முதல் கேள்விக்கும் காரணம் உண்டு. எந்த இடத்திலிருந்து வந்தவள் என்று தெரியாமல் அவள் திருப்தியை அளக்க முடியாது. பழைய சேலைத்துணியிலிருந்து வந்தவளுக்கும், கடையில் வாங்கும் நாப்கினிலிருந்து வந்தவளுக்கும் ஒரே நாப்கின் இரண்டு விதமாக இருக்கும். கேட்கிறவள் தன்னோடு பொருந்துகிறவளின் பேச்சைத்தான் எடுத்துக்கொள்வாள்.

போனில் கூப்பிட்டுக் கேட்பதில்லை என்றும், நேரில் கேட்பதில்லை என்றும் முடிவு செய்தோம். நேரில் கேட்டால் முகம் இருக்கிறது. போனில் மௌனம் இருக்கிறது. அந்த மௌனத்தை நிரப்பவே ஒருத்தி சரி என்றுவிடுவாள். எழுத்தில் வந்த செய்தியை, பார்க்காத மாதிரி விட்டுவிடலாம். அப்படி விடுவதற்கு வழி இருந்தால்தான் சம்மதத்துக்கு அர்த்தம். குழுத் தலைவி வேண்டாம். என் மாணவிகள் கண்டிப்பாக வேண்டாம். யாருக்கு அந்தப் பெண் எதற்காவது கடமைப்பட்டிருக்கிறாளோ அவர் கேட்கவே கூடாது.

இலவச நாப்கினையும் நிறுத்தினோம். நல்ல வீடியோவுக்கு மட்டும் பரிசு என்றால் அது விலைக்கு வாங்கிய சொல். அமெரிக்காவில் வர்த்தக ஆணையம் 2024இல் கொண்டுவந்த விதி, இன்ன மாதிரிதான் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு பரிசு கொடுத்து மதிப்புரை வாங்குவதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையில் பேச்சின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடிய தொடர்பு இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்கின்றன. என் மாணவிகளின் பேச்சுக்குக் கீழே 'இவர் இந்தத் தொழில்முனைவோரின் உறவினரிடம் படிக்கிறார், பொருளை இலவசமாகப் பெற்றவர்' என்று போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டுப் பார்த்தால், அந்த வீடியோவுக்கு என்ன மதிப்பு மிச்சமிருக்கும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மதினிக்கு ஒரு வருத்தம் இருந்தது. தன் டேட்டாவைச் செலவழித்து, நேரத்தைக் கொடுத்து அனுப்புகிறவளுக்கு ஒன்றுமே கொடுக்காமல் எப்படி? பேசிப் பேசிக் கடைசியில் ஒரு வழி கண்டோம். ஈரத்துணி வைக்கும் சின்னப் பை ஒன்றை, பதில் எழுதிய எல்லோருக்கும் அனுப்புவது. புகழ்ந்தவர், குறை சொன்னவர், வீடியோ அனுப்பியவர், நான்கு வரி மட்டும் எழுதியவர் என்று வேறுபாடு இல்லை. முன்கூட்டி அறிவிப்பதும் இல்லை. பை அனுப்பினோம் என்பதை வீடியோவுக்குக் கீழே எழுதிவிடுவது. முன்கூட்டி அறிவிக்காததால் இந்தத் தடவை யாரும் பைக்காகப் பேசவில்லை என்று சொல்லலாம். அடுத்த தடவை விஷயம் தெரிந்துவிடும்; அப்போது அப்படிச் சொல்ல முடியாது. கீழே எழுதிவைப்பதுதான் அப்போதைக்குத் துணை.

31 பேரில் ஆறு பேர் வீடியோ அனுப்பினார்கள். நான்கு பேர் குரல்பதிவு. எட்டுப் பேர் எழுதினார்கள். 13 பேரிடமிருந்து ஒன்றும் இல்லை. மதினியின் விரல் நினைவூட்டல் அனுப்பத் துடித்தது. மறுபடி கேட்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறோம் என்று நான் கையைப் பிடித்தேன். முன்பு 14க்கு 14 கிடைத்தது. இப்போது 31க்கு ஆறு. எனக்கு ஆறுதான் உண்மையான எண்ணாகத் தெரிந்தது. எல்லோருமே சரி என்கிற இடத்தில் யாரும் சம்மதிக்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அந்த ஆறில் ஒன்றை இன்றும் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். தென்காசிப் பக்கத்துப் பெண். முகம் தெரியாது. மடியில் முறம், முறத்தில் தூள், இரண்டு கைகள் பீடி சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சுற்றுகிற கையை நிறுத்தாமல் பேசுகிறாள். "நாள் பூரா உக்காந்தே இருக்கணும். முன்னால கடை நாப்கின்தான். உக்காந்த எடத்துல வேர்த்து வேர்த்துப் புண்ணாயிரும். இது அப்படி இல்ல. ஆனா தொவைக்க ரெண்டு வாளித் தண்ணி வேணும் பாத்துக்கோங்க. எங்க தெருவுல தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காத்தான். தண்ணி இல்லாத வீட்டுக்காரி யோசிச்சு வாங்கணும்." அவ்வளவுதான், 41 வினாடி. வெளிச்சம் போதாது, பின்னால் ஒரு கோழி வேறு.

"தண்ணி விஷயத்தை வெட்டிருவோமா?" என்று மதினி கேட்டார். இந்தத் தடவை என்னிடம் அல்ல, தன்னிடமே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. வெட்டவில்லை. வெட்டினால் அந்த வீடியோ பழைய 14இல் ஒன்றாகிவிடும். ஒரு பெண் தயங்கித் தயங்கி 'ஆனா' என்று ஆரம்பிப்பதைக் கத்தரித்துவிட்டு முன்பாதியை மட்டும் ஊருக்குக் காட்டுவது, வீடுகளிலும் அலுவலகங்களிலும் எங்களுக்கு நடப்பதுதான். அதை நாங்களே செய்ய வேண்டுமா? ஒரே ஒரு மாற்றம் செய்தோம்: வீடியோவுக்குக் கீழே மதினி எழுதினார், 'முதலில் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி ஊறவைத்துப் பிழிந்துவிட்டால் அலச ஒரு வாளி மிச்சமாகும், ஆனாலும் இவர் சொல்வது சரி, தண்ணீர் வேண்டும்.' வாங்க வந்தவர்களில் பலர் கோழி கூவுற வீடியோ பாத்தோம் என்று சொல்லித்தான் வந்தார்கள்.

எல்லாம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. இன்னொரு பெண், பள்ளி ஆசிரியை, மிக அழகாகப் பேசியிருந்தார். நடுவில், ஐந்து வருடமாக இருந்த வெள்ளைப்படுதல் இதைக் கட்டிய பிறகு நின்றுவிட்டது என்றார். அவர் பொய் சொல்லவில்லை; அவருக்கு நின்றிருக்கிறது. ஆனால் எதனால் நின்றது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. துணி நாப்கின் மருந்தில்லை. வாடிக்கையாளர்தானே சொன்னார் என்று நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது; எங்கள் பக்கத்தில் போட்டால் அது எங்கள் விளம்பரம், அந்த வாக்கியத்துக்கு நாங்களே பொறுப்பு. அதைவிட, அதை நம்பி ஒருத்தி டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டால்? வெட்டவும் மனம் வரவில்லை. 'ஆனா'வை வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு இதை மட்டும் வெட்டுவதா? அவருக்கே எழுதி, காரணத்தைச் சொல்லி, அந்தப் பகுதி இல்லாமல் மறுபடி பேச விருப்பமா என்று கேட்டோம். அவருக்கு மனவருத்தம். பேசவில்லை. அந்த வீடியோ யாரும் பார்க்காமல் மதினியின் போனில் கிடக்கிறது. நாங்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு பெண் நம்பிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஒரு உறுத்தல்.

மூன்றாவது, நீக்கச் சொன்ன பெண். முகம் காட்டித் தைரியமாகப் பேசியவர். மூன்று வாரம் கழித்து ராத்திரி 11 மணிக்குச் செய்தி வந்தது: எடுத்துருங்க அக்கா. கொழுந்தன் பார்த்துவிட்டானாம். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டோம். யூடியூபில் மட்டும் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. வீடியோ கோப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அது எத்தனை போன்களில் போய் உட்கார்ந்திருக்குமோ, யாராலும் திருப்பி வாங்க முடியாது. மதினி முதலில் அப்படி அனுப்பத்தான் நினைத்தார். லிங்க் மட்டும் அனுப்புவது என்று மாற்றியது தற்செயல்தான், கோப்பு பெரிதாக இருந்ததால். அதற்குப் பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டோம். இன்னொன்றும் கற்றோம். சில வீடுகளில் போன் கணவருடையது. அந்த எண்ணிலிருந்து வரும் சம்மதம் யாருடைய சம்மதம்? இப்போதெல்லாம் வீடியோ வந்ததும் போடுவதில்லை. ஒரு வாரம் வைத்திருக்கிறோம். பிறகு, போடலாமா என்று ஒருமுறை கேட்கிறோம். அந்த ஒரு வாரத்தில் மனம் மாறியவர்கள் உண்டு.

என் மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் படிப்பை முடித்துப் போனபிறகு மதினியிடமிருந்து தானே பணம் கொடுத்து ஒரு பை வாங்கினாள் என்று தெரிந்தது. 70 நாள் ஆனதும் அவள் பெயரும் பட்டியலில் வந்தது. மதினி என்னைப் பார்த்தார். எல்லோருக்கும் போகிற முதல் செய்தி அவளுக்கும் போனது. 'நல்லா இருக்கு அக்கா' என்று எழுதியிருந்தாள். இரண்டாவது செய்தியும் போனது. அதற்கு அவள் பதில் அனுப்பவில்லை. நாங்கள் மறுபடி கேட்கவில்லை.

போன மாதம் மதினி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "உன் பேரும் இருக்குட்டி இதுல" என்றார். எனக்கு 47 வயது. மாதக் கணக்கு தவறித் தவறி, வரும்போது அடைமழையாக வருகிற வயது. இரண்டு வருடமாக அவர் தைத்ததைத்தான் கட்டுகிறேன். ஒருநாள்கூட அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஊரார் பேச்சைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி என் போனுக்கும் அந்த இரண்டாவது செய்தி வந்தது, நானே எழுதியது, ஓர் எழுத்தும் மாறாமல்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். முதல் தடவை மேடைத்தமிழ் வந்தது. இரண்டாம் தடவை வகுப்பு வந்தது. ஐந்தாவது தடவையில்தான், போனைக் கைமேல் சாய்த்து, கட்டிலில் கிடந்த துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினேன். 52 வினாடி. பார்க்காமலேயே அனுப்பிவிட்டேன்.

காலையில் மதினியின் பதில் இருந்தது. "நல்லாத்தான் சொல்லியிருக்க. கடைசியில 'ஆனா'ன்னு ஆரம்பிச்சுட்டு நிறுத்திட்டியே. என்னட்டி அது?"